ஆவியை அடைப்பதா, விடுவதா?

உணவகம் நடத்துவோர், வீட்டிலிருந்தே சமைத்து அனுப்புவோர், வாங்கி உண்போர் என மூன்று தரப்பினருக்கும் பொதுவான ஒன்றே இன்றைய பொருள். சூடான குழம்பும், பொரித்த பண்டமும், சோறும் சிந்தாமல், நமத்துப் போகாமல் வீட்டு வாசல் வரை சென்று சேர்வது எப்படி? அதற்குரிய களம் இந்தத் திருவனந்தபுரம் நகரம்.

பார்சல் கெடுவது மூன்று விதமாக. குழம்பு கசிந்து பை நனைகிறது. பொரித்த கோழி தோல் தளர்ந்து வருகிறது. சோறு கட்டியாகி, மேலே ஈரமும் அடியில் நீருமாக வருகிறது. மூன்றும் மூன்று குறைகள் போலத் தோன்றினாலும், மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆவி. குழம்பின் மூடியைத் தள்ளுவது ஆவி. பொரித்ததை நமக்கச் செய்வது ஆவி. சோற்றின் மேல் நீராகச் சொட்டுவதும் அதே ஆவி. ஆனால் மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. குழம்புக்கு ஆவியை அடைக்க வேண்டும். பொரித்ததற்கு ஆவியை விட வேண்டும். சோற்றுக்குப் பாதி விட்டு, பாதி காக்க வேண்டும். மூன்றையும் ஒரே மாதிரி டப்பாவில், ஒரே மாதிரி மூடி அனுப்புவதே பெரும்பாலான பார்சல்கள் கெடுவதற்குக் காரணம்.

ஆவி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஈரம் நிறைந்த காற்று, 30 டிகிரியில் உள்ள அதே அளவு காற்றைவிட ஏறத்தாழ பத்து மடங்கு நீரைத் தாங்கும். சூடான உணவின் மேலே நிற்கும் காற்று, மூடியைத் தொட்டதும் குளிர்கிறது. குளிர்ந்தால் அவ்வளவு நீரைத் தாங்க அதனால் முடியாது. மிச்சம் துளியாகி மூடியின் உட்புறத்தில் ஒட்டுகிறது. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பும்போது சொட்டுவது இந்த நீர்தான். துளி விழுந்த பின்பும் உணவு சூடாக இருக்கும் வரை ஆவி எழுந்துகொண்டேதான் இருக்கும்; எழுந்தது மூடியில் குளிர்ந்து மீண்டும் உணவின் மேலேயே விழும். மூடிக்கும் உணவுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு அதிகமோ, மூடி எவ்வளவு குளிர்ந்ததோ, அவ்வளவுக்கு இந்தச் சுற்று வேகமாக நடக்கும்.

திருவனந்தபுரத்தில் இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. கடலோர நகரம், இடவப்பாதி, துலாவர்ஷம் என ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம். வெளிக்காற்றிலேயே ஈரம் மிகுதி. டப்பாவில் துளையிட்டு விட்டால் போதும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும் என்று நம்ப முடியாத ஊர் இது. போகும், ஆனால் மெதுவாகத்தான் போகும்.

இனி குழம்புக்கு வரலாம். எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த ஊரின் மீன் குழம்பு. கொடம்புளியும் மிளகாயும் சேர்ந்து, மேலே சிவந்த எண்ணெய் மிதக்கும் குழம்பு. சாம்பாரைவிடவும் பருப்பைவிடவும் பொதிவதற்குச் சிரமமானது இதுவே. ஏன்? அது தண்ணீர் போல ஓடும். எண்ணெயோ மூடியின் சந்துக்குள் நுழைந்து வழுக்கிவிடும். புளிப்போ பாத்திரத்தையே அரிக்கும்.

முதலில் பாத்திரம். அலுமினிய ஃபாயில் டப்பா சூட்டைத் தாங்கும். ஆனால் புளிப்பையும் உப்பையும் நெடுநேரம் தாங்காது. கொடம்புளிக் குழம்பு அதில் அதிக நேரம் நின்றால் உலோகம் அரிக்கப்பட்டு, சிறு புள்ளிகள் தோன்றும். குழம்பிலும் உலோகச் சுவை ஏறும். உட்புறப் பூச்சு இல்லாத ஃபாயில் டப்பாவைப் பிரியாணிக்கு வைத்துக்கொள்ளலாம், புளிக் குழம்புக்கு வேண்டாம். அடுத்து, கண்ணாடி போலப் பளபளவென்று தெரியும் பெட் பிளாஸ்டிக் டப்பா. அது 70 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். சாலடுக்கும் பழத்துக்கும் உரியது. சோள மாவிலிருந்து வரும் பி.எல்.ஏ. மூடிகள் அதற்கும் முன்பே, 60 டிகிரியை ஒட்டியே தளரும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எழுதியிருப்பதாலேயே அது சூடான குழம்புக்கு ஏற்றது ஆகிவிடாது. கொதிக்கும் குழம்பின் சூட்டைத் தாங்குவது பாலிப்ரோப்பிலீன் டப்பா. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். வாங்கும்போது டப்பாவைத் திருப்பி அடியைப் பார்ப்பது அரை நிமிட வேலை. மூடியின் அடியையும் பார்க்க வேண்டும். டப்பா ஒரு பொருளாகவும் மூடி வேறு பொருளாகவும் வருவதுண்டு.

வட்டமா, சதுரமா? குழம்புக்கு வட்டமே மேல். வட்ட விளிம்பில் மூடியின் பிடி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்கும். சதுரத்தில் மூலைகள் இறுகும், நடுப்பக்கம் சூட்டில் லேசாக வெளிநோக்கி வளையும். வளைந்த இடத்தில்தான் எண்ணெய் தலைகாட்டும்.

பாத்திரம் சரியாக இருந்தும் குழம்பு கசிகிறதே, ஏன்? பெரும்பாலும் ஊற்றும் முறைதான் காரணம். கொதி அடங்காத குழம்பை ஊற்றி உடனே மூடியை அழுத்தினால், உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரிகிறது. அதனோடு ஆவியும் சேர்கிறது. 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி. மூடி மேலே உப்புகிறது. வண்டி ஒரு குழியில் குலுங்கியதும் குழம்பு அலைந்து புதிதாக ஆவி எழும்ப, பிடி எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே மூடி விட்டுக்கொடுக்கிறது. டப்பா கவிழவே இல்லை, ஆனாலும் பை நனைந்தது என்று கேட்கும் புகார்களில் பலவற்றின் கதை இதுதான்.

ஆகவே வரிசை இப்படி. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பில் குமிழி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். கரண்டியை விளிம்புக்கு மேலே தூக்காமல், டப்பாவுக்குள் இறக்கி ஊற்ற வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே நிறுத்த வேண்டும். அதைவிட நிறைத்தால் மூடும்போதே வழியும். பாதி மட்டுமே நிரப்பினால் உள்ளே அலை பெரிதாகி மூடியில் மோதும். இரண்டுமே கெடுதல்தான். பிறகு மூடியை வெறுமனே மேலே வைத்து ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேற அந்த நேரம் போதும். அதன்பின் உலர்ந்த துணியாலோ டிஷ்யூ தாளாலோ விளிம்பைச் சுற்றித் துடைக்க வேண்டும். இந்த ஒரு துடைப்பைத்தான் அவசரத்தில் கைகள் தவறவிடுகின்றன. விளிம்பில் மயிரிழை எண்ணெய் இருந்தாலும் மூடி அமர்ந்தது போலத் தோன்றும், அமர்ந்திருக்காது. துடைத்த பிறகு இரு கட்டைவிரல்களாலும் எதிரெதிரே அழுத்திக்கொண்டு முழு வட்டமும் சுற்றி வர வேண்டும். முழுதாக மூடியதும் உள்ளே குளிரக் குளிர, மூடி லேசாகக் குழிந்து தானே இறுகும். குழிந்த மூடி நல்ல அடையாளம்; உப்பிய மூடி கெட்ட அடையாளம்.

புதிதாக ஒரு வகை டப்பா வாங்கினால் அதைச் சோதிப்பது எப்படி? பலர் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். குளிர்ந்த நீரில் தேறிய டப்பா சூடான குழம்பில் தோற்கும். சூட்டில் பிளாஸ்டிக் நெகிழும், எண்ணெயில் வழுக்கும் என்ற இரண்டையும் தண்ணீர் காட்டித் தராது. சோதனைக்கு உண்மையான குழம்பு வேண்டும், உண்மையான சூட்டோடு. ஊற்றி, மூடி, பத்து நிமிடம் நிறுத்தி, வெள்ளைத் தாளின் மேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தாளில் நீர்க்கறை வந்தால் மூடி பொருந்தவில்லை. எண்ணெய்க் கறை மட்டும் வந்தால் விளிம்பு துடைக்கப்படவில்லை. கறையின் இடத்தைப் பார்த்தாலே குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சாம்பாரை ஊற்றிக் காற்றோடு சேர்த்து முறுக்கிக் கட்டும் பழைய வழக்கம் இருக்கிறதே? அது அவ்வளவாகச் சிந்துவதில்லை என்பது உண்மை. பை விரியும், அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் கொதிக்கும் குழம்பை அந்த மெல்லிய தாளில் ஊற்றுவது உடம்புக்கு நல்லதல்ல. திறப்பவர் கையில் சூடாகப் பீறிடும் அபாயமும் உண்டு. கேரள அரசு 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை கொண்டுவந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் குறிப்பிட்ட பொருட்களுக்குத் தடை வந்தது. அந்தக் கவர்களுக்குத் திரும்புவதை எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை.

அடுத்தது பொரித்தது. குழம்பில் எதைச் செய்யச் சொன்னோமோ, அதற்கு நேர்மாறானது இங்கே.

சாலைக் கடைத்தெருவில் கேத்தல் கடை என்று ஊரே அறிந்த ரஹ்மானியா உணவகத்தின் கோழிப் பொரியல் இந்நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. சிறிய கோழித் துண்டுகள், மேலே மசாலா பொரிந்து உதிர்ந்த தூள். அந்தத் தூளின் மொறுமொறுப்பில்தான் பாதிச் சுவை. இத்தகைய பொரியலைக் கடையில் உட்கார்ந்து உண்பதும் அரை மணி நேரம் டப்பாவில் கிடந்ததை உண்பதும் ஒன்றாக இருக்குமா?

பொரிக்கும்போது என்ன நடக்கிறது? 170, 180 டிகிரி எண்ணெயில் துண்டு விழுந்ததும் மேற்பரப்பின் நீர் குமிழியாக வெளியேறுகிறது. மேலே உலர்ந்த ஓடு உண்டாகிறது. உள்ளே இறைச்சியின் ஈரம் அப்படியே இருக்கிறது. ஆக, ஒவ்வொரு துண்டும் வெளியே வறட்சி, உள்ளே ஈரம். எண்ணெயிலிருந்து எடுத்த கணத்திலிருந்து உள்ளீரம் ஆவியாக ஓட்டைக் கடந்து வெளியே வரப் பார்க்கும். வெளியே திறந்த காற்று இருந்தால் போய்விடும். மூடிய டப்பா இருந்தால், போக இடமின்றி ஓட்டிலேயே தங்கும். நமத்துப் போதல் என்பது இவ்வளவுதான். வெளியிலிருந்து நீர் வந்து நனைப்பதில்லை. துண்டு தன் ஈரத்தாலேயே நமக்கிறது.

அப்படியானால் முதல் வேலை, பொரித்ததைப் பொதியும் முன் மூன்று நான்கு நிமிடம் கம்பி வலையின் மேல் வைப்பது. வலை என்பது முக்கியம். தட்டில் தாள் விரித்து அதன் மேல் குவித்தால், எண்ணெய் வடியும். ஆனால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே வேகும். வலையில் எல்லாப் பக்கமும் காற்று படும். அந்த நான்கு நிமிடத்தில் வெளியேறும் ஆவிதான் மிக அதிகம். சூடு போய்விடுமே என்று அஞ்சி அதை ஒதுக்கும் சமையலறை, சூடான ஆனால் சொதசொதத்த கோழியைத்தான் அனுப்புகிறது.

இரண்டாவது, பெட்டி. பிளாஸ்டிக் இதற்கு ஆகாது. அட்டைப் பெட்டியோ கரும்புச் சக்கைப் பெட்டியோ ஏற்றது. ஓரளவு ஈரத்தைத் தானே உறிஞ்சும். மேல்பக்க ஓரங்களில் துளை இருக்க வேண்டும், ஏனெனில் சூடான ஆவி மேலே ஏறி அங்கேதான் சேரும். அடியில் ஓர் உறிஞ்சு தாள். துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரே வரிசையில் பரப்ப வேண்டும். வெங்காய வளையமும் எலுமிச்சைத் துண்டும் கோழியின் மேல் வைத்து மூடுவது பார்க்க அழகு. அவை நீர் விடும் பொருட்கள், தனிப் பொட்டலத்தில் போக வேண்டும். அந்த மசாலாத் தூளையும் தனியாக ஒரு தாள் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்துவிட்டால், உண்பவர் தூவிக்கொள்ளும் நேரத்தில் அது மொறுமொறுப்பாகவே இருக்கும். இலையில் பரிமாறப்படும் பொரியலோடு கிட்டத்தட்ட ஒப்பிடத்தக்க பார்சலுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

இவ்வளவு செய்தும் எல்லை ஒன்று உண்டு. இருபது முதல் முப்பது நிமிடத்துக்கு மேல் எந்தப் பெட்டியும் ஓட்டைக் காப்பாற்றாது. பழம்பொரி இன்னும் சீக்கிரம் தளரும், உள்ளே இருக்கும் பழத்தில் நீரும் சர்க்கரையும் மிகுதி. பருப்பு வடை சற்றுத் தாங்கும். நெடுந்தூரம் என்று தெரிந்தால், மேல் மாவில் அரிசி மாவைக் கூட்டுவதும், முதலில் ஒருமுறை பொரித்து வைத்துக்கொண்டு ஆர்டர் வந்ததும் இரண்டாம் முறை பொரிப்பதும் சில நிமிடங்களைக் கூட்டித் தரும்.

பொரித்த எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்துமா? பொருந்தாது. அப்பளமும் நேந்திரங்காய் வறுவலும் இதற்கு எதிரானவை. அவற்றின் உள்ளே ஈரமே இல்லை. வெளியே விடுவதற்கு ஆவியும் இல்லை. அவை ஈரத்தை உறிஞ்சக் காத்திருப்பவை. கோழிக்குத் துளை தேவை. அப்பளத்துக்குத் துளையே பகை. ஆகவே அப்பளத்தை நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத சிறு உறையில் தனியே மூட வேண்டும். சூடாக மூடினாலும் கெடும், சோற்றின் மேல் வைத்தாலும் கெடும். பொரித்தது என்ற ஒரே பெயரில் இரண்டையும் ஒரே பெட்டியில் போடும்போது அப்பளம் கோழியின் ஈரத்தைக் குடித்துத் துணியாகிவிடுகிறது.

இனி சோறு. குழம்பில் அடைத்தோம், பொரித்ததில் விட்டோம். சோற்றுக்கு என்ன செய்வது?

இதற்கு விடையைக் கேரளம் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது: பொதிச்சோறு. இந்த நகரத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் ‘ஹிருதயபூர்வம்’ என்ற பெயரில் 2017 முதல், வீடுகளில் கட்டிய பொதிச்சோறுகளைத் திரட்டி நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் தந்து வருகிறது. டப்பா இல்லை, மூடி இல்லை. வெவ்வேறு வீடுகள், வெவ்வேறு கைகள். ஆனாலும் பொட்டலம் பிரிக்கும்போது சோறு சோறாகவே இருக்கிறது. எப்படி?

ஒரு பொதிச்சோறு கட்டுவதை அருகிலிருந்து பார்த்தால் புரியும். பச்சை வாழையிலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். ஆகவே இலையை அடுப்புத் தீயின் மேல் மெல்ல நகர்த்தி வாட்டுவார்கள். மேலுள்ள மெழுகு இளகி, வெளிர்பச்சை ஒரே வீச்சில் கரும்பச்சையாகிப் பளபளக்கும். அந்த நிறமாற்றமே போதும் என்பதற்கு அடையாளம். நிறம் மாறிய இடத்தை விட்டுத் தீ அடுத்த இடத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கருகிப் பொத்தல் விழும். தடித்த நடுத்தண்டைச் சீவி எடுத்துவிடுவார்கள். கஞ்சி முழுவதும் வடிந்த மட்டை அரிசிச் சோற்றை, பொங்கும் ஆவி அடங்கிய பிறகு, நடுவில் குவிப்பார்கள். பக்கத்தில் மெழுக்குப்புரட்டி, சம்மந்தி, முட்டைப் பொரியல் அல்லது வறுத்த மீன், ஊறுகாய். எல்லாம் ஓடாத கறிகள். பிறகு இலையை இரு பக்கமும் மடித்து, முனைகளை உள்ளே செருகி, தாளில் சுற்றி நூலால் கட்டுவார்கள்.

இதில் அடங்கியிருக்கும் அறிவு எவ்வளவு! இலை சோற்றின் மேல் ஒட்டிக் கிடப்பதால் நடுவே வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லாததால் ஆவி குளிர்ந்து துளியாகிச் சொட்ட இடமில்லை. மெழுகுப் பூச்சு நீரை வெளியே விடாது; ஆனால் மடிப்புகள் இறுக்கமாக ஒட்டியவை அல்ல, கூடுதல் ஆவி அவற்றின் வழியே மெதுவாகக் கசிந்து வெளித்தாளில் சேரும். அடைத்ததும் இலைதான், விட்டதும் இலைதான். கறிகளின் தேர்வும் பொதியும் முறையில் ஒரு பகுதி: குழம்பு கேட்டால் தனிக் குப்பியில்தான் போகும். வெளியே சுற்றும் தாள் மட்டும் மாற வேண்டும். செய்தித்தாளின் மையில் உணவில் சேரத் தகாத பொருட்கள் உண்டு. உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018 ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிமுறைகள் தடை செய்கின்றன. அச்சில்லாத பழுப்புத் தாள் அதே வேலையைச் செய்யும்.

டப்பாவில் அனுப்பும் சோற்றுக்கும் இதே நுணுக்கத்தைக் கொண்டு வரலாம். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பிக் கிளறி, மூன்று நான்கு நிமிடம் ஆவி போக விட வேண்டும். டப்பாவின் அடியில் வாட்டிய இலைத் துண்டு ஒன்று. சோற்றை அமுக்காமல் தளர்வாக நிரப்ப வேண்டும். அமுக்கினால் மணிகள் ஒட்டிக் கட்டியாகும். பிறகு சோற்றின் மேலேயே படியும்படி இன்னோர் இலைத் துண்டு. மூடியில் துளி சேர்ந்தாலும் அது இலையில் விழும், சோற்றில் விழாது. மேலிலை ஒன்றே செய்யும் மாற்றத்தை ஒரே நாளில் இரண்டு டப்பாக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

ஆனால் சோற்றை அளவுக்கு மீறி ஆறவிடவும் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு மிதமான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்வது இதனால்தான். ஆவி போகவும் வேண்டும், சூடு நிற்கவும் வேண்டும். பரப்பி வைக்கும் நிமிடங்களைக் கணக்கிட்டுச் செய்வது அதற்காகத்தான். பொதிச்சோறும் அன்று காலை கட்டி அன்று நண்பகலே உண்பதற்கு உரியது, மாலை வரை வைத்திருப்பதற்கல்ல. தேங்காய்ச் சம்மந்தி சோற்றுக்கும் முன்பே புளிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது மூன்றையும் சேர்த்து ஒரு பார்சலைக் கட்டிப் பார்க்கலாம். பாளையத்தில் ஓர் உணவகம். கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலிருந்து ஓர் ஆர்டர். மட்டைச் சோறு, மீன் குழம்பு, கோழிப் பொரியல், அப்பளம். வழி பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல், மேடும் பள்ளமுமான சாலை, மதிய நெரிசலில் நாற்பது நிமிடம்.

இங்கே எதை முதலில் பொதிவது? நாற்பது நிமிடப் பயணத்தில் எது முதலில் கெடுமோ, அதைக் கடைசியில் பொதிய வேண்டும். ஆகவே ஆர்டர் வந்ததும் குழம்பு ஊற்றப்பட்டு, மூடி தளர்வாக வைக்கப்படுகிறது. சோறு தட்டில் பரப்பப்படுகிறது. அதே வேளையில் கோழி இரண்டாம் முறை எண்ணெயில் விழுகிறது. கோழி வலையில் இளைப்பாறும் நேரத்தில் குழம்பின் விளிம்பு துடைக்கப்பட்டு மூடி அழுத்தப்படுகிறது. சோறு இலைக்கிடையே டப்பாவுக்குள் போகிறது. வண்டிக்காரர் வந்து நின்ற பிறகே கோழி பெட்டிக்குள் போகிறது. அவர் வருமுன்பே எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடும் கடையில் கோழியின் முப்பது நிமிடத்தில் பத்து நிமிடம் மேசையிலேயே செலவாகிவிடும்.

பையின் அடி, டப்பாக்களின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குழம்பும் சோறும் அடியில் பக்கம் பக்கமாக, நடுவில் ஆடும் இடைவெளி இருந்தால் கசக்கிய தாளை அடைத்து. அவற்றின் மேலே கோழிப் பெட்டி, துளைகள் மறையாமல். உச்சியில் அப்பளம். பையின் காதுகளை இறுக்கி முடிச்சிட்டால் உள்ளே எல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். மடித்து ஒட்டுவதே மேல். மழை நாளில் தாள் பை நேராக வண்டிப் பெட்டிக்குள் போக வேண்டும், வண்டியின் கொக்கியில் தொங்கக் கூடாது. வண்டியின் வெப்பப் பெட்டி மூடியதும் சோற்றின் ஆவி அதற்குள்ளும் நிறையும். கோழிப் பெட்டிக்குத் துளை இருந்தும் பயன் குறையும். டெக்னோபார்க்கில் திறக்கும்போது குழம்பு சிந்தியிருக்காது, சோறு உதிரியாக இருக்கும், அப்பளம் நொறுங்கும், கோழி கடையில் இருந்த அளவுக்கு மொறுமொறுப்பாக இருக்காது. நாற்பது நிமிடத்துக்கு அதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. அந்தத் தூரத்துக்குக் கோழிப் பொரியலுக்குப் பதில் கோழி ரோஸ்ட் என்று உணவுப் பட்டியலையே மாற்றிக்கொள்ளும் உணவகம் அறிவுள்ள உணவகம்.

டப்பாவையே தூக்கியெறியாத வழி ஒன்றும் இந்நகரில் நடைமுறையில் இருக்கிறது. 2024 மார்ச்சில் குடும்பஶ்ரீ தொடங்கிய ‘லஞ்ச் பெல்’ திட்டத்தில், வீட்டுச் சாப்பாடு எவர்சில்வர் பாத்திரத்தில் அலுவலகங்களுக்குப் போகிறது. உண்டு முடித்த பின் பாத்திரம் திரும்பப் பெறப்பட்டுக் கழுவப்படுகிறது. காலையிலேயே ஆர்டர் எடுத்துவிடுவதால் எத்தனை சாப்பாடு, எந்தப் பக்கம் என்பது சமைக்கும் முன்பே தெரியும். எவர்சில்வர் சூட்டில் நெகிழாது, புளிப்பில் அரிக்கப்படாது; மூடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பொருந்தும். குறையும் உண்டு. உலோக மூடி விரைவில் குளிரும், ஆகவே துளி பிளாஸ்டிக்கைவிட அதிகம் சொட்டும். சோற்றின் மேல் இலைத் துண்டு இங்கே இன்னும் அவசியம். பாத்திரம் திரும்பி வர ஒரு பயணம் வேண்டும். ஆகவே தினமும் ஒரே இடத்துக்குப் போகும் மதியச் சாப்பாட்டுக்கு இது பொருந்துகிறது. இரவில் எங்கிருந்தோ வரும் ஒற்றை ஆர்டருக்குப் பொருந்துவதில்லை.

கடைசியாக, பொட்டலத்தின் மேல் ஒட்ட வேண்டியது. 2023 ஜனவரி முதல் கேரளத்தில் ஒவ்வோர் உணவுப் பார்சலிலும், சமைத்த தேதியும் நேரமும், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்பதும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்கியது. அந்தச் சீட்டைக் கோழிப் பெட்டியின் துளைகள் மேல் ஒட்டிவிடாமல், பையின் வெளிமடிப்பில், மழையில் கரையாத மையில் எழுதி ஒட்ட வேண்டும். எழுதும் நேரம் பார்சல் கட்டிய நேரமாக இருக்கக் கூடாது. குழம்பு அடுப்பிலிருந்து இறங்கிய நேரமாக இருக்க வேண்டும்.